ஒரு பிரதி, எத்தனை வாசகர்கள்?

கணினிப் பாடம் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள், நூலகத்துக்கு ஈ.ஆர். டயகிராம் வரைந்ததாகச் சொல்வார்கள். 'புத்தகம்' என்று ஒரு செவ்வகம், 'உறுப்பினர்' என்று இன்னொன்று, நடுவில் 'எடுக்கிறார்' என்று ஒரு வைர வடிவம். தகவல்களை இப்படிச் செவ்வகமும் வைரமுமாக வரையும் முறையை 1976-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்தவர் பீட்டர் சென். படம் பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன படத்தை நம்பி மென்பொருள் எழுதினால் முதல் வாரத்திலேயே நூலகர் சண்டைக்கு வருவார்.

காரணம், 'புத்தகம்' என்ற அந்தச் செவ்வகம். நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம், ஒரே பதிப்பகத்தின் ஒரே பதிப்பு, மூன்று பிரதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளத்துக்குப் பிரைமரி கீ என்று பெயர். பலரும் யோசிக்காமல் ஐ.எஸ்.பி.என். எண்ணை அதற்குப் பிடித்துக்கொள்வார்கள். அது பதிப்பின் எண்; மூன்று பிரதிகளிலும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். கீ ஒருமுறைதான் வரலாம் என்பதால் மூன்று பிரதிகளுக்கும் சேர்த்து ஒரே வரிதான் கிடைக்கும். எந்தப் பிரதி வெளியே போயிருக்கிறது, எதில் பக்கம் கிழிந்திருக்கிறது என்று சொல்ல வழியில்லை. போதாக்குறைக்கு, ஐ.எஸ்.பி.என். வருவதற்கு முன்பு அச்சான பழைய புத்தகங்களுக்கு அந்த எண்ணே கிடையாது.

நூலகர்கள் இதற்குக் கணினிக்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள். வாங்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பதிவேட்டில் ஒரு அக்செஷன் எண் போட்டு, புத்தகத்திலும் எழுதிவைப்பார்கள். ஆகவே செவ்வகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 'நூல்' என்பதற்கு நாமே கொடுக்கும் ஒரு நூல் எண் கீ. 'பிரதி' என்பதற்கு அக்செஷன் எண் கீ. பிரதியின் வரியில் நூல் எண்ணும் இருக்கும். இன்னொரு டேபிளைச் சுட்டும் இப்படிப்பட்ட எண்தான் ஃபாரின் கீ. உறுப்பினருக்கு உறுப்பினர் எண்ணே கீயாக இருக்கட்டும். செல்போன் எண் வேண்டாம். ஒரே எண்ணை வீட்டில் நாலு பேர் கொடுப்பார்கள், அடுத்த வருடம் அதையும் மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது கார்டினாலிட்டி: இந்தப் பக்கம் ஒன்றுக்கு அந்தப் பக்கம் எத்தனை? ஒரு பிரதியை எத்தனை உறுப்பினர்கள் எடுக்கலாம்? இந்த நிமிடத்தில் என்றால் ஒருவர்தான். இதுவரை என்றால் நூறு பேர்கூட இருக்கலாம். இரண்டுமே சரியான பதில்கள், ஆனால் இரண்டு வெவ்வேறு படங்கள். முதல் பதிலை நம்பினால் பிரதியின் வரியிலேயே உறுப்பினர் எண்ணை எழுதிவிடலாம். புத்தகம் திரும்பியதும் அது அழிந்துபோகும். கிழிந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, இதற்கு முன் எடுத்தது யார் என்று நூலகர் கேட்டால் பதில் இருக்காது.

வரலாறு வேண்டுமென்றால் உறவு பலவற்றுக்குப் பல என்றாகிவிடும். அப்போது நடுவில் 'இரவல்' என்று ஒரு என்டிட்டி தேவை. அதற்கு உறுப்பினர் எண்ணையும் அக்செஷன் எண்ணையும் சேர்த்துக் கீயாக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. படித்து முடிக்காத ஒருவர் அதே பிரதியை அடுத்த மாதம் மறுபடி எடுக்க வந்தால், அந்த ஜோடி ஏற்கெனவே இருக்கிறது என்று கணினி மறுத்துவிடும். தேதியைச் சேர்த்தாலும், காலையில் திருப்பி மாலையில் மீண்டும் எடுப்பவர் அதையும் உடைப்பார். இரவலுக்குத் தனி எண் கொடுத்துவிடுவதே நல்லது. எடுத்த தேதியும் திருப்பிய தேதியும் அதன் வரியில் வரும்.

காக்கைக்கால் குறியீட்டில், விசைப்பலகையால் எழுதினால், படம் இவ்வளவுதான்:

```
TITLE  ||--o{ COPY : has
COPY   ||--o{ LOAN : lent_in
MEMBER ||--o{ LOAN : makes
```

இரட்டைக் கோடு 'கட்டாயம் ஒன்று'. வட்டமும் காக்கைக்காலும் 'பூஜ்யம் அல்லது பல'. இரவல் என்றால் அதற்கு ஒரு பிரதியும் ஓர் உறுப்பினரும் இருந்தே ஆக வேண்டும். ஆனால் யாருமே தொடாத பிரதியும் உண்டு, எதையுமே எடுக்காத உறுப்பினரும் உண்டு, வட்டம் அவர்களுக்காக. அதை மறந்தால் புதிதாகச் சேர்பவர் புத்தகம் எடுத்த பிறகுதான் உறுப்பினராக முடியும்!

படத்தால் சொல்ல முடியாத விதியும் ஒன்று உண்டு. ஒரு பிரதிக்குத் திருப்பிய தேதி காலியாக உள்ள இரவல் ஒரே சமயத்தில் இரண்டு இருக்கக் கூடாது. கோடுகளில் இது தெரியாது. ஓரத்தில் குறிப்பாக எழுதி, டேட்டாபேஸிலோ நிரலிலோ தனியாகக் காவல் வைக்க வேண்டும்.

உங்கள் படத்தை யாரிடமாவது கொடுப்பதற்கு முன், ஒரே நூலின் மூன்று பிரதிகளையும், அதே பிரதியை இரண்டாம் முறை எடுக்கும் ஒரு வாசகரையும் அதில் எழுதிப் பாருங்கள். இடம் கிடைக்கவில்லையென்றால் அப்போதே திருத்திவிடுங்கள். டேபிள்களில் தகவல் நிரம்பிய பிறகு கீயை மாற்றுவது பெரிய வேலை.