எட்டுப் பேர் லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா?

அடுக்ககங்களில் பரவலாக இருப்பது '8 பேர், 544 கிலோ' லிப்ட். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு அது. அந்தப் பலகை எடையைச் சொல்கிறதே தவிர, நீளத்தைச் சொல்வதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி இந்த லிப்டின் உள் அகலம் 130 செ.மீ., ஆழம் 110 செ.மீ., கதவுத் திறப்பு 80 செ.மீ. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரோ சுமார் 190 செ.மீ. நீளமும் 55 செ.மீ. அகலமும் உள்ளது. நேராகத் தள்ளினால் 80 செ.மீ. வெளியே நிற்கும்.

"கொஞ்சம் சாய்த்து மூலைக்கு மூலை வைக்கலாமே" என்று எல்லோருக்கும் தோன்றும். இந்தத் தளத்தின் மூலைவிட்டம் 170 செ.மீ.தான். அதிலும் ஒரு மெல்லிய கம்புதான் அந்த நீளத்துக்குப் படுக்கும். 55 செ.மீ. அகலமுள்ள பொருளை வைத்தால் அதன் ஓரங்கள் இரு சுவர்களிலும் இடித்து, சாய்த்ததால் கிடைத்த இடம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். பத்துப் பேர் லிப்டும் 130க்கு 135 என்பதால் அங்கேயும் இதே கதைதான்.

சில ஸ்ட்ரெச்சர்களில் முதுகுப் பகுதியை நிமிர்த்தி நீளத்தைக் குறைக்கலாம். மூச்சுத்திணறல் உள்ளவர் போன்ற, உட்கார முடிகிற நோயாளிக்குச் சக்கர நாற்காலியே போதும். ஆனால் முதுகெலும்பில் அடிபட்டவரையும், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டியவரையும் படுக்க வைத்தே கொண்டுபோக வேண்டும். அவர்களுக்கு மிஞ்சுவது மாடிப்படிதான். என்னை உறுத்துவது இதுதான்.

படுக்கை நுழையும் லிப்ட் 15 பேர், 1020 கிலோ வகையில்தான் தொடங்குகிறது. அதன் அகலம் 100 செ.மீ.தான், ஆழம் 240 செ.மீ. அதற்கு லிப்ட் கிணறே சுமார் 3 மீட்டர் ஆழம் வேண்டும். எட்டுப் பேர் லிப்டுக்குச் சுமார் 1.9 மீட்டர் போதும். கான்கிரீட் சுவர் எழும்பியபின் இதை மாற்றுவது நடவாத காரியம். ஆகவே வீடு வாங்கும்போது வரைபடத்தில் லிப்டின் உள் ஆழத்தைக் கேளுங்கள்.

சோபாவின் கதை வேறு. அதை நிமிர்த்தி நிறுத்தலாம். 190 செ.மீ. நீளம், 85 செ.மீ. ஆழம், 80 செ.மீ. உயரமுள்ள மூன்று பேர் சோபாவை எடுத்துக்கொள்வோம். கால்களைக் கழற்றினால் உயரம் 70 ஆகும், 80 செ.மீ. கதவில் நுழைந்துவிடும். கதவின் உயரம் பெரும்பாலும் 200 செ.மீ. என்பதால், லிப்டுக்கு வெளியிலேயே செங்குத்தாக நிறுத்தி உள்ளே நகர்த்த வேண்டும். நீளம் 200ஐத் தாண்டினால் மேல்சட்டத்தில் இடிக்கும். கைப்பிடிக் கம்பியும் கண்ணாடியும் சில செ.மீ. தின்றுவிடுவதால், அளவு நாடாவை அவற்றுக்கு இடையில் பிடித்துப் பாருங்கள்.

108ஐ அழைக்கும்போது தளத்தோடு லிப்டின் அளவையும் சொல்லிவிடுங்கள். வண்டியில் மடிப்பு நாற்காலியோ துணி ஸ்ட்ரெச்சரோ இருந்தால் ஊழியர்கள் முதல் தடவையே கையோடு எடுத்துவர முடியும்.