பெட்ரோல் விலையில் வரியின் மீது வரி: சில்லறை விலைக் கட்டமைப்பு குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

இந்தியாவில் பெட்ரோலும் டீசலும் சரக்கு மற்றும் சேவை வரியின் கீழ் இன்னும் கொண்டுவரப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இவற்றின் மீது கலால் வரி விதிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமும், விற்பனை வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடமும் விட்டுவைத்தது. பொது விவாதங்களில் இவ்விரு வரிகளின் அளவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அவை எந்த வரிசையில் விலையோடு சேர்கின்றன என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறுவதில்லை. ஆனால், அவ்வரிசையே நுகர்வோர் செலுத்தும் தொகையையும், ஒன்றிய மாநில அரசுகளின் வருவாய் உறவையும் தீர்மானிக்கிறது. இக்கருத்தை 2021 பிப்ரவரி 16 அன்று தில்லியில் நிலவிய பெட்ரோல் விலையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

விலையின் படிநிலைகள்

அன்று தில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோலின் சில்லறை விலை ரூ.89.29. இதன் முதற்படி, எண்ணெய் நிறுவனம் கணக்கிடும் அடிப்படை விலையான ரூ.31.82 ஆகும். இது கச்சா எண்ணெயின் விலை அன்று. சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலின் விலை. இதனுடன் சரக்குக் கட்டணமாக 28 பைசா சேர, விற்பனையாளருக்கு நிறுவனம் விதிக்கும் வரியற்ற விலை ரூ.32.10 ஆகிறது.

இரண்டாம் படியில் கலால் வரியாக ரூ.32.90 சேர்கிறது. இப்போது தொகை ரூ.65.00. மூன்றாம் படியில் விற்பனை நிலையத்தை நடத்துபவருக்கான சராசரித் தரகாக ரூ.3.68 சேர, தொகை ரூ.68.68 ஆகிறது. இறுதிப் படியில் இம்முழுத் தொகையின் மீதும் 30 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி கணக்கிடப்படுகிறது. வெளியிடப்பட்ட விலைப் பட்டியலில் அது ரூ.20.61. பெருக்கிப் பார்த்தால் ரூ.20.60 வரும், இந்த ஒரு பைசா வேறுபாடு முழுமையாக்கலால் ஏற்படுவது.

வரியின் மீது வரி

மதிப்புக் கூட்டு வரியை அதன் தோற்றுவாய்களின்படி பிரித்தால் அதன் இயல்பு தெளிவாகிறது. சரக்குக் கட்டணம் உள்ளிட்ட வரியற்ற விலையின் மீது ரூ.9.63, தரகின் மீது ரூ.1.10, கலால் வரியின் மீது ரூ.9.87 என அது அமைகிறது. அதாவது, தில்லி அரசு ஒரு லிட்டருக்குப் பெற்ற வரியில் ஏறத்தாழ பாதி, பொருளின் மீது விதிக்கப்பட்டதன்று. ஒன்றிய அரசின் வரி மீது விதிக்கப்பட்டது.

சரக்கு மற்றும் சேவை வரி முறையில் முந்தைய நிலையில் செலுத்திய வரி வரவாகக் கழிக்கப்படுவதால், இத்தகைய அடுக்கு விளைவு தவிர்க்கப்படுகிறது. பெட்ரோல் அம்முறைக்கு வெளியே நிற்பதால், ஒன்றிய வரி மாநில வரிக்கான அடித்தளத்தின் ஒரு பகுதியாகவே நீடிக்கிறது.

இவ்விரு வரிகளின் தன்மையும் வேறுபட்டது. கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று நிலையாக விதிக்கப்படுகிறது; அடிப்படை விலை ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. தில்லியின் மதிப்புக் கூட்டு வரியோ விழுக்காட்டு வரி. எனவே அடிப்படை விலை ஒரு ரூபாய் கூடினால், சில்லறை விலை ரூ.1.30 கூடும். ஒன்றிய அரசு கலால் வரியை ஒரு ரூபாய் குறைத்தால், மாநிலம் எந்த ஆணையும் பிறப்பிக்காமலேயே அதன் வருவாய் லிட்டருக்கு 30 பைசா குறையும்.

இக்கணக்கு பிற கூறுகள் மாறாதிருக்கும்போது மட்டுமே பொருந்தும். 2020 மே மாதத்தில் பெட்ரோல் மீதான கலால் வரி லிட்டருக்கு ரூ.10 உயர்த்தப்பட்டபோது, அவ்வுயர்வு நுகர்வோர் மீது சுமத்தப்படவில்லை. கச்சா எண்ணெய் விலை வீழ்ச்சியால் கிடைத்த இடைவெளியில் அது ஈடுசெய்யப்பட்டது. அடிப்படை விலை குறையும் அளவுக்குக் கலால் வரி கூடினால், மதிப்புக் கூட்டு வரியின் அடித்தளம் மாறுவதில்லை. விலைக் குறைவின் பயன் நுகர்வோரைச் சென்றடையாமல் ஒன்றிய அரசின் கருவூலத்தைச் சேர்கிறது.

பகிர்வுக்கு உட்படும் பகுதி

ரூ.32.90 என்னும் கலால் வரி ஒற்றை வரி அன்று. 2021-22 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்திற்குப் பின் அது நான்கு கூறுகளைக் கொண்டிருந்தது: அடிப்படைக் கலால் வரி ரூ.1.40, சிறப்புக் கூடுதல் கலால் வரி ரூ.11, சாலை மற்றும் உட்கட்டமைப்புக்கான செஸ் ரூ.18, வேளாண் உட்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டுக்கான செஸ் ரூ.2.50.

அரசியலமைப்பின் 270ஆவது உறுப்பின்படி செஸ்களும் கூடுதல் வரிகளும் மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. பகிர்வுத் தொகுப்பில் சேர்வது அடிப்படைக் கலால் வரி மட்டுமே. பதினைந்தாவது நிதி ஆணையம் பரிந்துரைத்த 41 விழுக்காட்டின்படி, ரூ.1.40இல் மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து உரியது ஏறத்தாழ 57 பைசா. தில்லி ஒன்றியப் பகுதி என்பதால், இந்தப் பகிர்விலும் அதற்குப் பங்கில்லை.

இதனால் கலால் வரியிலிருந்து பெரும் வருவாயை மாநிலங்கள் பெறும் வழி, அரசியலமைப்பு வகுத்த பகிர்வு முறை அன்று. அவ்வரியின் மீது தாம் விதிக்கும் விற்பனை வரியே. ஒன்றிய அரசு வரியைக் குறைக்கும்போது மாநிலங்களுக்கு ஏற்படும் இழப்பும் இவ்வழியாகவே நேர்கிறது.

தமிழ்நாட்டின் கலப்பு முறை

விழுக்காட்டு வரியின் இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் ஒரு வழியைத் தமிழ்நாடு கையாண்டது. 2020 மே மாதம் வரை பெட்ரோலுக்கு 34 விழுக்காடாக இருந்த வரி, 15 விழுக்காட்டுடன் லிட்டருக்கு ரூ.13.02 என்று மாற்றப்பட்டது. 2021 ஆகஸ்டில் அது 13 விழுக்காட்டுடன் ரூ.11.52 எனக் குறைந்தது. அப்போது விலை லிட்டருக்கு ரூ.3 இறங்கியது.

இம்முறையில் கலால் வரி ஒரு ரூபாய் மாறினால் மாநில வரி 13 பைசா மட்டுமே மாறும். பழைய முறையில் அது 34 பைசாவாக இருந்திருக்கும். அடித்தளம் சரியும்போது நிலையான பகுதி வருவாயைக் காக்கிறது. அடித்தளம் உயரும்போது நுகர்வோரின் சுமை மட்டுப்படுகிறது. அரசுக்கான கூடுதல் வருவாயும் அவ்வாறே மட்டுப்படுகிறது.

விழுக்காட்டை வாசிக்கும் முறை

தில்லிச் சான்றில் இரு வரிகளின் கூட்டுத்தொகை ரூ.53.51. இது சில்லறை விலையில் சுமார் 60 விழுக்காடு. தரகு உள்ளிட்ட வரியற்ற விலையான ரூ.35.78இல் சுமார் 150 விழுக்காடு. இரண்டும் சரியான கணக்குகளே. ஒரே வரிச்சுமையைக் குறிப்பவையே. எனினும் ஒரு நாளின் நிலையை ஒரு முறையிலும், மற்றொரு நாளின் நிலையை வேறொரு முறையிலும் கூறி ஒப்பிட்டால், மாறாத வரியும் பலமடங்கு மாறியதாகத் தோன்றும். எனவே எரிபொருள் வரி பற்றிய எந்த விழுக்காட்டையும் ஏற்பதற்குமுன் அதன் அடித்தளம் எது என்று அறிதல் வேண்டும்.

முடிவுரை

அடிப்படை விலை, கலால் வரி, தரகு, மதிப்புக் கூட்டு வரி ஆகியவை வெறுமனே கூட்டப்படும் நான்கு எண்கள் அல்ல. இறுதியில் வரும் வரி தனக்கு முன் வந்த மூன்றையும் தன் அடித்தளமாகக் கொள்கிறது. ஆகவே எரிபொருள் வரிக் குறைப்பைக் குறித்த எந்த ஆய்வும், யார் எவ்வளவு குறைத்தார் என்பதோடு, அக்குறைப்பு பகிரப்படும் கூறில் நிகழ்ந்ததா, பகிரப்படாத கூறில் நிகழ்ந்ததா என்பதையும், மாநிலத்தின் வரி விழுக்காட்டு முறையா, கலப்பு முறையா என்பதையும் சேர்த்தே காண வேண்டும். இவையின்றி, குறைப்பின் சுமையை உண்மையில் ஏற்றவர் யார் என்பதை வரையறுக்க இயலாது.