கிட்டா, சொந்த யோசனையா?

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. மதிப்பெண்ணோ மேசையில் ஓட்டிக் காட்டுவதற்கு. அப்போது தானியங்கி நீர்ப்பாசன கிட் வாங்குவது தவறல்ல. முதல் இரண்டு நாளில் அதை ஓடவைத்துவிடுங்கள். மோட்டார் சுழலும்போதெல்லாம் ஆர்டுயினோ அணைந்து மறுபடி தொடங்கினால், மின்னழுத்தம் சரிகிறது என்று பொருள். சிறிய 9 வோல்ட் பேட்டரி இரண்டையும் சேர்த்துத் தாங்காது. மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள்.

மிச்ச நாளில் ஒரே ஒரு கேள்வியைச் சொந்தமாகச் சேருங்கள். மணல், செம்மண், களிமண் மூன்றிலும் ஒரே அளவு நீர் ஊற்றினால் ஈரப்பத சென்சார் ஒரே எண்ணையா காட்டுகிறது? பெரும்பாலும் இல்லை. அந்த எண்களை அட்டவணையாக்கி, மோட்டார் தொடங்கும் எல்லையை மண்ணுக்கேற்ப மாற்றிக் காட்டுங்கள். இந்தப் பகுதி சொதப்பினாலும், அடியில் கிட் ஓடிக்கொண்டிருக்கும்.