எட்டாவது கேண்டில் முடியும்போது

பங்கு வாங்கிய கையோடு ஸ்டாப் லாஸ் போடும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. விலை சரிந்தால் அது காப்பாற்றும். விலை சரியாமலும் ஏறாமலும் நின்ற இடத்திலேயே நின்றால் அதற்கு வேலையில்லை. அந்த நேரத்துக்கென்று வர்த்தகர்கள் வைத்திருப்பது டைம் ஸ்டாப். இத்தனை கேண்டிலுக்குள் விலை நமக்குச் சாதகமாக நகரவில்லையென்றால், ஸ்டாப் லாஸைத் தொடாவிட்டாலும் வெளியே வந்துவிடுவது என்பது விதி.

இந்த விதி எல்லா வியாபாரத்துக்கும் ஒத்துவராது. பிரேக் அவுட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு பங்கு சில நாட்களாக 500 ரூபாயைத் தாண்ட முடியாமல் தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஷார்ட் அடித்தவர்களின் ஸ்டாப் லாஸ்கள் 500-க்குச் சற்று மேலே காத்திருக்கும். விலை தாண்டியதும் அவர்கள் நஷ்டத்தோடு வாங்கியே ஆகவேண்டும். ஏறும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதே நேரத்தில் வாங்குவார்கள். இரு தரப்புக்கும் அவசரம் என்பதால்தான் விலை பாய்கிறது. அத்தனை பேர் வாங்கியும் இரண்டு மணி நேரமாக விலை அங்கேயே நிற்கிறது என்றால், கேட்டவர்களுக்கெல்லாம் யாரோ சலிக்காமல் விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். நாம் எதை நம்பி வாங்கினோமோ, அது அப்போதே காலாவதியாகிவிட்டது.

கணக்கைப் பார்க்கலாம். 15 நிமிட சார்ட்டில் காலை 10.15-க்கு 501 ரூபாயில் 200 பங்கு வாங்குகிறோம். ஸ்டாப் லாஸ் 495, இலக்கு 513. பங்குக்கு 6 ரூபாய் வீதம் 1,200 ரூபாய் பணயம். டைம் ஸ்டாப் எட்டு கேண்டில். எட்டாவது கேண்டில் 12.15-க்கு முடியும்போது, பணயத்தில் பாதியாவது, அதாவது 504-ஆவது, வந்திருக்க வேண்டும். விலை 499-க்கும் 503-க்கும் இடையே உலாவி 500.50-இல் முடிகிறது. விற்றுவிடுகிறோம். 100 ரூபாய் நஷ்டம், அதோடு தரகுக் கட்டணமும் வரிகளும். விற்றதன் மீதான பங்குப் பரிவர்த்தனை வரி மட்டும் சுமார் 25 ரூபாய். மதியம் அதே பங்கு 513-க்குப் போய் வயிற்றெரிச்சலைக் கிளப்பவும் கூடும். அது இந்த விதியின் விலை. அந்த விலை கட்டுபடியாகிறதா என்பதை ஒரு வியாபாரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது? நம்முடைய பழைய வியாபாரங்களிலிருந்துதான் வரவேண்டும். லாபத்தில் முடிந்தவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் பாதிப் பணய தூரத்தை எத்தனையாவது கேண்டிலில் எட்டியது என்று எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை ஆறு, ஏழு கேண்டிலுக்குள் எட்டியிருந்தால், எட்டுக்குப் பிறகு காத்திருப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் வைத்துச் சோதிப்பதும் அவசியம். எட்டில் மட்டும் லாபம் வந்து அக்கம்பக்கத்து எண்களில் நஷ்டம் என்றால், அது தற்செயல்.

மார்க்கோஸ் லோபஸ் டி பிராடோ 2018-இல் வெளியிட்ட நூலில் சொல்லும் மூன்று வேலிக் கணக்கு இங்கே உதவும். மேலே லாப வேலி, கீழே நஷ்ட வேலி, பக்கவாட்டில் கால வேலி. ஒவ்வொரு வியாபாரமும் எந்த வேலியை முதலில் தொட்டது என்று குறித்துவைத்தால் போதும். முக்கால்வாசி கால வேலியிலேயே முடிந்தால், எண் சிறியதாக இருக்கலாம், அல்லது நாம் நுழையும் இடமே சரியில்லாமல் இருக்கலாம்.

எல்லா கேண்டிலும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 9.15-லிருந்து 3.30 வரை 15 நிமிடக் கேண்டில்கள் 25 வரும். முதல் மணி நேரத்திலும் கடைசி மணி நேரத்திலும் இருக்கும் பரபரப்பு நண்பகலில் இருக்காது. 12 மணிக்கு வாங்கியதற்கும் காலையில் வாங்கியதற்கும் ஒரே எட்டை வைப்பது நியாயமில்லை. மாதக்கணக்கில் ஒரு போக்கைத் தொடர்கிறவர்களுக்கோ இது கெடுதலே செய்யும். அவர்களுடைய பெரிய லாபங்களில் சில, வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த பிறகுதான் கிளம்பும். ஆப்ஷன் வாங்குகிறவர்கள் நிலைமை நேர் எதிர். நிஃப்டி நகராமல் நின்றாலும் பிரீமியம் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், அவர்கள் காத்திருப்பதற்கு வாடகை கொடுக்கிறார்கள்.

நடைமுறையில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஸ்டாப் லாஸ் ஆர்டர் எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். டைம் ஸ்டாப்பை நாமோ நம் மென்பொருளோதான் நிறைவேற்ற வேண்டும். 12.15-க்கு 200 பங்கையும் விற்றுவிட்டு, 495-இல் தனியாகப் போட்டிருந்த ஸ்டாப் லாஸை ரத்துசெய்ய மறந்தால் அது அப்படியே உயிரோடு இருக்கும். இன்ட்ராடே கணக்கில் மதியம் விலை 495-க்கு இறங்கும்போது, கையில் இல்லாத 200 பங்கை அது விற்றுவைக்கும். ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, நிலுவையில் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே திரையை மூட வேண்டும்.