சம்பளம் உயராத வருடத்தில் எதைக் கேட்பது?

"இந்த வருஷம் யாருக்கும் ஹைக் இல்லம்மா. பட்ஜெட்டை மேலேயே நிறுத்தி வெச்சுட்டாங்க."

அப்ரைசல் அறையில் மேனேஜர் இப்படிச் சொன்னதும், "சரி சார்" என்று எழுந்து வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். சிலர் அங்கேயே கோபப்பட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பட்ஜெட்டை நிறுத்திவிட்டோம் என்று நிர்வாகம் சொல்லும்போது பெரும்பாலும் நிறுத்தப்படுவது மாதச் சம்பளக் கணக்கு. அது ஒருமுறை ஏறினால் இறங்காது, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதோடு சேர்ந்து ஏறும். அதனால்தான் தலைமை அலுவலகம் அதில் முதலில் கை வைக்கிறது. நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எந்தெந்த நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்பதெல்லாம் பல அலுவலகங்களில் எதிரே உட்கார்ந்திருக்கும் அதே மேனேஜரின் கையில்தான் இருக்கிறது.

ஒருவரை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். மலர்விழி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வீடு தாம்பரத்தில். அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாதச் சம்பளம் 45,000 ரூபாய். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இந்த வருடம் 10 சதவீத உயர்வை எதிர்பார்த்திருந்தார். மாதம் 4,500, வருடத்துக்கு 54,000 ரூபாய். அது இல்லை என்றாகிவிட்டது.

கூடுதலாக 6 நாள் லீவு கேட்டால் என்ன கிடைக்கும்? கிராஜுவிட்டிக்குக் கணக்குப் போடுவதுபோல் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி சுமார் 1,730 ரூபாய். ஆறு நாளுக்கு 10,400 ரூபாய்கூட வராது. இழந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று கேட்டால் கணக்கே மாறிவிடுகிறது. வாரம் 6 மணி நேரப் பயணம் மிச்சம். பண்டிகை, லீவு போக 46 வாரம் என்று வைத்தால் வருடத்துக்கு 276 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டால் 34 நாளுக்கு மேல். அதே 1,730 ரூபாய்க் கணக்கில் அந்த நேரத்தின் மதிப்பு 58,000 ரூபாயைத் தாண்டுகிறது. நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. லீவு கேட்கத்தான் நமக்கு முதலில் தோன்றும். தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை நேரம்தான் பெரிய பொருள்.

ஆனால் இதை எடுத்த எடுப்பில் கேட்கக்கூடாது. சம்பளப் பேச்சு முடிவதற்குள் "அப்போ லீவாவது குடுங்க சார்" என்று சொல்லிவிட்டால், சம்பளக் கதவை நாமே சாத்தியதாகிவிடும். முதலில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்த நிறுத்தம் எல்லோருக்குமா? எப்போது மறுபடி பார்ப்பார்கள்? சில இடங்களில் அக்டோபரில் அரையாண்டு பரிசீலனை உண்டு. பதில் வந்த பிறகு மலர்விழி இப்படிப் பேசலாம்:

"புரியுது சார். அக்டோபர்ல என் சம்பளத்தை மறுபடி பார்க்கணும்னு கேட்டுக்கறேன். அதுவரைக்கும் செவ்வாய், வியாழன் ரெண்டு நாள் வீட்லேர்ந்து வேலை பார்க்கட்டுமா? மாசக் கணக்கு முடிக்கிற முதல் அஞ்சு நாளும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடற 11-ஆம் தேதி, 20-ஆம் தேதியும் செவ்வாயோ வியாழனோ வந்தாலும் ஆபீஸ்லதான் இருப்பேன். மூணு மாசம் பாருங்க. ஒரு ரிட்டர்ன் தாமதமானாலும் நிறுத்திடலாம்."

இதில் வேலை செய்வது அந்தத் தேதிகள்தான். மேனேஜர் பயப்படுவது உங்கள் இரண்டு நாளுக்காக அல்ல, வேலை நெருக்கும் நாளில் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்றுதான். அந்தப் பயத்துக்கு நீங்களே முன்கூட்டிப் பதில் வைத்துவிட்டால், மறுப்பதற்கு அவரிடம் அதிகக் காரணம் இருக்காது. "கொஞ்சம் ஃப்ளெக்ஸிபிளா இருந்தா நல்லாயிருக்கும் சார்" என்று பொதுவாகக் கேட்டால், "பார்க்கலாம்மா" என்ற பதிலோடு அது முடிந்துபோகும். லீவு, பயிற்சி, நேரம் மூன்றையும் ஒன்றாக அடுக்கினாலும் அதே கதிதான். மேனேஜர் அவருக்குச் சுலபமானதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

லீவுதான் வேண்டும் என்கிற நிலை சிலருக்கு இருக்கும். வீட்டில் முதியவர் மருத்துவமனைக்கு அலைகிறார், பிள்ளைக்குப் பொதுத்தேர்வு. அப்போது ஒரு சொல்லைச் சேர்த்துக் கேளுங்கள்: காசாக்க முடியாத லீவு. எடுக்காத லீவுக்குப் பின்னால் பணம் தர வேண்டியிருந்தால் அது கணக்குப் புத்தகத்தில் கடனாக நிற்கும், ஹெச்.ஆர். தயங்குவது அதற்காக. "அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக மாட்டேன், பணமாவும் கேட்க மாட்டேன்" என்றால் அந்தத் தயக்கம் பெருமளவு குறையும். கூடவே, எந்த மாதத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கொடுத்தும் எடுக்க முடியாமல் மார்ச்சில் காலாவதியாகும் லீவு எத்தனையோ பேருக்கு உண்டு.

பயிற்சிக்குப் பல நிறுவனங்களில் தனியாகப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். சம்பளத்தை நிறுத்தியவர்கள் அதையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. படிப்பின் பெயர், கட்டணம், எந்தெந்த நாள், வேலைக்கு என்ன பயன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதானம் வேண்டும். "படித்த பிறகு இரண்டு வருடம் வேலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்ற பாண்ட் வெறும் மிரட்டல் என்று நினைக்கக்கூடாது. ஒரு பொதுத்துறை வங்கி மூன்று வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று போட்டிருந்த நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்று சொல்லியிருக்கிறது. காலத்தை ஒரு வருடமாகக் குறைக்கச் சொல்லுங்கள். வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும் என்றும் கேளுங்கள். 40,000 ரூபாய்ப் படிப்புக்காக இரண்டு வருடம் கட்டுண்டு கிடப்பது நல்ல பேரம் இல்லை.

எது கிடைத்தாலும் அன்று மாலைக்குள் மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரு மெயில் போக வேண்டும். எந்த நாட்கள், எதுவரை, அக்டோபரில் சம்பளப் பரிசீலனை என்று நான்கு வரி போதும். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்ட மேனேஜர் ஆறு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டால், புதிதாக வருகிறவருக்கு உங்கள் செவ்வாய்க்கிழமை பற்றி எதுவும் தெரிந்திருக்காது. வீட்டில் இருக்கும் நாளில் இரவு ஒன்பது மணிக்கும் போன் வர ஆரம்பித்தால், மிச்சப்பட்ட நேரம் வேறு வழியாக வெளியே போகிறது என்று அர்த்தம். முதல் மாதத்திலேயே அதைப் பேசிவிட வேண்டும்.

அந்த அக்டோபர் தேதியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்த வருடம் உயர்ந்திருந்தால் மலர்விழியின் சம்பளம் 49,500 ஆகியிருக்கும். அடுத்த வருடம் இன்னொரு 10 சதவீதம் சேர்ந்தால் 54,450. இப்போதோ அடுத்த வருடமும் 49,500-தான். விட்டுப்போன 4,500 அடுத்த வருடம் மாதம் 4,950 ஆகிறது. லீவும் நேரமும் இதை ஈடுகட்டாது. ஒரு வருடம் அவற்றை ஏற்கலாம். இரண்டாவது வருடமும் அதே பதில் வந்தால் வெளியே வேலை தேடுவதுதான் சரி. கடன் தவணைக்கே சம்பளம் போதவில்லை என்றால் முதல் வருடமே தேடத் தொடங்குங்கள். மிச்சமான மணிநேரத்தை வங்கி ஏற்காது.

கடைசியாக ஒன்று. அறைக்குள் போவதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தில் லீவு பற்றி எழுதியிருக்கும் பக்கத்தைப் படித்துவிடுங்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறையும், தற்செயல் விடுப்பு 12 நாள் வரையிலும், நோய்க்காக 12 நாள் வரையிலும் ஏற்கெனவே உண்டு. நீங்கள் பேரம் பேச வேண்டியது அதற்கு மேலே இருப்பதைப் பற்றி மட்டும்தான்.