வினை தமிழில், தொனி ஆங்கிலத்தில்

புதுச்சேரி நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே உள்ள குபேர் அங்காடியை ஊரார் பெரிய மார்க்கெட் என்றே அழைக்கின்றனர். அங்கே நடப்பதாக ஒரு வலைத்தொடர்க் காட்சியை எழுதும் வசனகர்த்தா, தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் இளைஞர்களையும் மீன், பூ, காய் விற்கும் பெண்களையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்த வேண்டியிருக்கிறது. இளைஞர்களின் பேச்சு செயற்கையாகப் பட்டால் நகரத்து இளம் பார்வையாளர் விலகிவிடுவார். ஆங்கிலம் கதையை மறைத்தால் அவருடன் அமர்ந்து பார்க்கும் பெற்றோர் விலகிவிடுவர். இந்த இரண்டையும் ஒருசேரத் தவிர்ப்பதற்கு, கலப்புப் பேச்சு தனக்கென வைத்திருக்கும் இலக்கணத்தை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும்.

அந்த இலக்கணம் புதிதன்று. அங்காடியை ஒட்டிய வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது இருமொழித் தரகராக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சு, போர்ச்சுகீசியச் சொற்கள் தமிழ் வாக்கியங்களுக்குள் தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்றுக்கொண்டு அமர்ந்திருக்கின்றன. கலப்புப் பேச்சில் வாக்கியத்தைத் தாங்கும் மொழி ஒன்று, அதனுள் பதியும் மொழி மற்றொன்று என்று மொழியியலாளர் கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993இல் விளக்கினார். தமிழரின் அன்றாடக் கலப்பில் பெரும்பாலும் தமிழே தாங்குமொழி: உருபும் வினைமுற்றும் சொல்வரிசையும் தமிழுக்குரியவை, பெயர்களும் சில வினைக்கருக்களும் மட்டும் ஆங்கிலத்திலிருந்து வருகின்றன. ‘மார்க்கெட்ல நிக்கறேன்’ என்று எல்லோரும் சொல்வர். ‘இன் மார்க்கெட் நிக்கறேன்’ என்று ஒருவரும் சொல்லார்.

ஆங்கில வினை தமிழுக்குள் வரும்போது பெரும்பாலும் ‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் துணைவினைகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டே வருகிறது. இவற்றுள் எதைத் தேர்வது என்பது கதையையே திருப்பக்கூடியது. ‘ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டான்’ என்றால் பழி ஒருவன்மேல் விழுகிறது, ‘ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு’ என்றால் பழி யார்மேலும் இல்லை. ஒன்றை மறைக்க விரும்பும் பாத்திரத்துக்கு இரண்டாவது வடிவமே பொருந்தும் என்பதும், கேன்சல் என்ற சொல்லைவிட அதன்பின் வரும் தமிழ் வினையே அங்கே நாடகத்தைச் சுமக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கவை.

இவை எழுத்தில் எவ்வாறு செயல்படும் என்பதைக் கற்பனைக் காட்சி ஒன்றில் காணலாம். திருமண நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் இரு தோழியர், பூ தருவதாக ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் பின்வாங்கியதால், முன்னிரவில் பெரிய மார்க்கெட்டுக்கு ஓடி வருகின்றனர். முதல் வரைவில் ஒருத்தி இவ்வாறு பேசுகிறாள்: ‘வெண்டார் பேக் அவுட் பண்ணிட்டான், ஸோ நாம ஆல்டர்நேட் சோர்ஸ் பண்ணணும்.’ இலக்கணப்படி இதில் பிழை இல்லை. ஆயினும் பூ தருபவர் விலகிவிட்டார், வேறு ஆளைத் தேட வேண்டும் என்ற, காட்சியின் உயிரான இரண்டு செய்திகளும் முழுக்க ஆங்கிலச் சொற்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. ஆங்கிலம் அறியாத பார்வையாளர் இங்கே தவறவிட்டதை அடுத்து வரும் காட்சிகளிலும் மீட்க முடியாது.

திருத்திய வரைவு இது: ‘ஆக்சுவலி, பூ குடுக்கறேன்னவன் லாஸ்ட் மினிட்ல கைய விரிச்சுட்டான்டி. இப்ப வேற ஆளப் பாக்கணும், ஸோ சீக்கிரம் வா.’ கதைச் செய்தி தமிழ் வினைகளுக்கு மாறிவிட்டது. ‘ஆக்சுவலி’, ‘ஸோ’ ஆகிய பேச்சுக் குறிகள், அதாவது பொருளைச் சுமக்காமல் பேசுபவரின் மனநிலையையும் பேச்சின் திருப்பத்தையும் மட்டும் காட்டும் சொற்கள், ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. அவற்றைக் கேட்டு விளங்காதவருக்கு எந்த இழப்பும் இல்லை. இளையவரின் காதுக்கோ தன் வயதொத்தவர் பேசுகிறார் என்பதை அவையே உணர்த்துகின்றன. வசனத்துக்கு இளமை தர வேண்டிப் பெயர்ச்சொற்களையெல்லாம் ஆங்கிலமாக்கும் வழக்கம் இந்த உண்மையைக் கவனியாததால் வருவது. குறிகளும் அளவோடு வர வேண்டும். ஒவ்வொரு வரியும் ‘ஆக்சுவலி’யில் தொடங்கினால் பாத்திரம் மறைந்து பழக்கம் மட்டுமே தெரியும்.

அடுத்து, எவரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்துக் கலப்பு மாற வேண்டும். தோழியிடம் அவ்வாறு பேசியவள் பூக்காரப் பெண்ணிடம் திரும்பியதும், ‘அக்கா, நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குள்ள டெலிவரி ஆயிடுமா?’ என்று கேட்கிறாள். அவரது விடை: ‘அஞ்சுக்கெல்லாம் ஆட்டோல ஏத்திவுட்டுர்றேன் பாப்பா. லோடு கம்மி, ரேட்டுதான் ஏறிப்போச்சு. அட்வான்ஸ் குடுத்துட்டுப் போ.’ இந்த விடை இரண்டு வேலைகளைச் செய்கிறது. கேள்வியில் இருந்த டெலிவரியின் பொருளைத் தமிழ் வினையால் திருப்பிச் சொல்லிவிடுவதால், எவருக்கும் விளக்கம் தருவது போன்ற தோற்றமே இல்லாமல் பார்வையாளருக்கு விளக்கம் கிடைக்கிறது. மேலும், விற்பவர் தூய தமிழ் பேசுவார், படித்தவர் மட்டுமே கலந்து பேசுவார் என்ற திரைக்கதைப் பழக்கம் பொய் என்பதையும் அது காட்டுகிறது. லோடு, ரேட்டு, அட்வான்ஸ் ஆகியவை சந்தைக்கே உரிய சொற்கள்; இறுதியில் குற்றியலுகரம் ஏற்று ‘ரேட்டு’ என ஒலிப்பது தமிழின் ஒலியமைப்புக்கு இயல்பானது. அதை நகைச்சுவைக்காக மிகைப்படுத்தினால் அந்தப் பெண்ணை இழிவுபடுத்துவதாகும்.

வரைவு தேறியதா என்பதை எளிய சோதனையொன்றால் அறியலாம்: ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களில் வெறும் முனகலை வைத்துக் காட்சியை உரக்கப் படித்துவிட்டு, யார் யாரிடம் என்ன கேட்டார், என்ன முடிவாயிற்று என்று கேட்பவரிடம் வினவ வேண்டும். முதல் வரைவில் ‘பண்ணிட்டான், நாம, பண்ணணும்’ என்பவை மட்டுமே எஞ்சுகின்றன. திருத்திய வரைவில் கதை முழுதும் எஞ்சுகிறது. வரி நடிகருக்கு இயல்பாக இருக்கிறதா என்பதை வசன வாசிப்பில் கண்டுகொள்ளலாம். ஆங்கிலச் சொல்லுக்கு முன் அவர் ஒரு கணம் தயங்கினால், அந்தச் சொல் பெரும்பாலும் எழுதியவருடையது, பாத்திரத்துடையது அன்று. எழுத்துவடிவமும் அந்த நேரத்தில் தடுக்கிவிடும். ‘பேக்’ என்று மட்டும் எழுதினால் பையா, பொட்டலமா, பின்புறமா என்பது வரிவடிவத்தில் தெரியாது. போலியைக் குறிப்பதற்கு ‘ஃபேக்’ என ஆய்தம் இடாவிட்டால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சூழலால் பொருள் தெளிவாகாத அத்தகைய இடங்களில் சொல்லையே மாற்றிவிடுவது நல்லது.

ஆங்கிலத்தைக் கவனித்துத் திருத்துபவரும் புதுச்சேரிக்கே உரிய ஒரு சொல்வகையைக் காணத் தவறலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து நகராட்சிக் கட்டடமாகிய மேரி கடற்கரைச் சாலையில் 2014இல் இடிந்து விழுந்து, பின்னர் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. உள்ளூரார் அதை இன்றும் பிரெஞ்சுப் பெயராலேயே வழங்குகின்றனர். மேற்கண்ட தோழியருள் ஒருத்தி, ‘மேரிகிட்ட நில்லு, நான் பூவ எடுத்துட்டு வந்துர்றேன்’ என்றால் புதுச்சேரிக்காரர் உடனே புரிந்துகொள்வார். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பார்ப்பவர், மேரி என்ற பெண் எப்போது வரப்போகிறாள் என்று கடைசிவரை காத்திருப்பார். ‘பீச்ல மேரி பில்டிங்கிட்ட நில்லு’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்தால் ஊரார் வழங்கும் பெயரும் நிலைக்கும், குழப்பமும் தீரும். இந்த இடத்தில் காட்சியைத் தெளிவாக்குபவை அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களே.