20 + 10 + 5 = 35 அல்ல

ஒரு வாஷிங் மெஷினின் எம்.ஆர்.பி. 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைத் தள்ளுபடி 20 சதவீதம். கூப்பன் போட்டால் மேலும் 10 சதவீதம் குறையும். கிரெடிட் கார்டில் கட்டினால் 5 சதவீத கேஷ்பேக். மூன்றையும் கூட்டினால் 35 சதவீதம் வருகிறது. அப்படியானால் 13,000 ரூபாய்க்கு மெஷின் கிடைக்க வேண்டும். ஆனால் கிடைக்காது.

காரணம், மூன்று சதவீதங்களும் ஒரே தொகையின் மீது கணக்கிடப்படுவதில்லை. கடைத் தள்ளுபடி மட்டுமே 20,000-க்கு. அது போக மீதி 16,000. கூப்பனின் 10 சதவீதம் இந்த 16,000-க்குத்தான். 1,600 குறைந்து பில் 14,400 ஆகும். கார்டு கேஷ்பேக் நீங்கள் கட்டும் அந்த 14,400-க்குத்தான். 720 ரூபாய் திரும்ப வரும். ஆக உங்கள் செலவு 13,680. மிச்சம் 6,320 ரூபாய், அதாவது 31.6 சதவீதம்.

இதைச் சுருக்கமாகப் போட ஒரு வழி உண்டு. எவ்வளவு குறைகிறது என்று பார்க்காமல், எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். 20 போனால் 80, 10 போனால் 90, 5 போனால் 95. இவற்றைப் பெருக்குங்கள்:

0.80 × 0.90 × 0.95 = 0.684

நூற்றுக்கு 68.4 ரூபாய் நாம் கொடுக்கிறோம், மீதி 31.6 தள்ளுபடி. பெருக்கல் என்பதால் எதை முதலில் கழித்தாலும் விடை மாறாது. கூப்பன் சதவீதமாக இல்லாமல் 1,000 ரூபாய் என்று இருந்தால் மட்டும் வரிசை முக்கியம். தள்ளுபடிக்குப் பின் கழித்தால் பில் 15,000. முன்பே கழித்துவிட்டால் 15,200.

கணக்கை அதிகம் கெடுப்பது உச்சவரம்பு. 'கூப்பன் அதிகபட்சம் 1,000 ரூபாய், கேஷ்பேக் அதிகபட்சம் 500 ரூபாய்' என்று நிபந்தனைகளில் இருந்தால், 16,000-இல் கூப்பனுக்கு 1,000 மட்டுமே போகும். மீதி 15,000-க்கு 5 சதவீதம் 750 என்றாலும் வருவது 500தான். செலவு 14,500, உண்மைத் தள்ளுபடி 27.5 சதவீதம். வரம்பு இருக்கும் இடத்தில் சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயிலேயே கழித்துவர வேண்டும்.

கேஷ்பேக் பில்லில் குறையாது என்பதும் நினைவிருக்கட்டும். கடையில் 15,000 ரூபாயைக் கட்டியாக வேண்டும். 500 பிறகுதான் கார்டு கணக்கில் வரவாகும்.

கடைசியாக, எம்.ஆர்.பி. என்பது சட்டப்படி விற்கக்கூடிய உச்ச விலை. வழக்கமான விற்பனை விலை அல்ல. அதே மெஷின் பக்கத்துக் கடையில் எந்தச் சலுகையும் இல்லாமல் 16,500-க்குக் கிடைக்கிறது என்றால், நீங்கள் உண்மையில் மிச்சப்படுத்துவது 2,000 ரூபாய்தான். அது சுமார் 12 சதவீதம். வாங்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியது இந்த எண்ணை வைத்து.